மனைவிக்கு மூன்று நாள், கணவருக்கு இரண்டு வாரம்

ஒரே வீட்டில் கணவன், மனைவி இருவருக்குமே சில மாத இடைவெளியில் நீர்க்கடுப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்குக் காய்ச்சல் இல்லை. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி போகவேண்டும் என்ற உணர்வு, அவ்வளவுதான். டாக்டர் மூன்று நாளோ ஐந்து நாளோ மாத்திரை எழுதுகிறார், சரியாகிவிடுகிறது. கணவருக்கு எரிச்சலோடு குளிர்நடுக்கமும் 102 டிகிரி காய்ச்சலும் சேர்ந்து வருகின்றன. அவர் கையில் வரும் சீட்டில் பதினான்கு நாள் ஆன்டிபயாடிக் இருக்கிறது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிடுகிறது, ஐந்தாம் நாள் எரிச்சலும் போய்விடுகிறது. மீதி மாத்திரையை எதற்கு விழுங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவது இயல்புதான்.

பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இரண்டு மூன்று வாரத்தில் அதே காய்ச்சலோடு திரும்பி வருகிறார்கள். கணவருக்கு வந்ததும் மனைவிக்கு வந்ததும் ஒரே நோய் இல்லை என்பதுதான் காரணம். கிருமி ஒன்றாக இருக்கலாம். பெரும்பாலும் இருவருக்குமே குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாதான். ஆனால் அது போய் உட்கார்ந்திருக்கும் இடம் வேறு.

சிறுநீர்ப்பையின் உட்புறத் தோலில் மட்டும் தொற்று இருந்தால் எரிச்சல் வரும், வலி வரும், சில நேரம் ரத்தம்கூடக் கலந்து வரும். பொதுவாகக் காய்ச்சல் வராது. உடம்பு தூக்கிப்போடும் அளவுக்குக் குளிர்நடுக்கம் வந்தால், கிருமி சதைக்குள் புகுந்துவிட்டது, ரத்தத்திலும் எட்டிப் பார்க்கிறது என்று பொருள். பெண்களுக்கு அப்படி நடந்தால் பெரும்பாலும் அது சிறுநீரகத் தொற்று. விலாவுக்குக் கீழே முதுகில் வலிக்கும். ஆண்களுக்குச் சிறுநீரகத்தோடு இன்னொரு சந்தேகப் புள்ளியும் உண்டு. அதுதான் புரோஸ்டேட்.

புரோஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, மலக்குடலுக்கு முன்னால் இருக்கிறது. இளவயதில் பெரிய நெல்லிக்காய் அளவு, ஏறக்குறைய 20 கிராம் எடை. ஐம்பதைத் தாண்டினால் பலருக்கும் பெருக்கத் தொடங்கும். விந்தோடு சேரும் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பதுதான் இதன் வேலை. சிறுநீர்க் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவே புகுந்துதான் வெளியே வருகிறது. சுரப்பிக்குள்ளிருந்து இருபதுக்கும் மேற்பட்ட நுண்குழல்கள் அந்தக் குழாயின் சுவரில் வந்து திறக்கின்றன. சுரப்பியின் வெளிப்பகுதியிலிருந்து வரும் குழல்கள் ஏறக்குறையக் கிடைமட்டமாக அமைந்திருப்பதால், கிருமி கலந்த சிறுநீர் அவற்றுக்குள் எதிர்த்திசையில் ஏறிவிடுவது எளிது. வடிந்து வெளியேறுவது கடினம். வயதாகிச் சுரப்பி பெருத்து, சிறுநீர் முக்கிப் போகவேண்டிய நிலை வந்துவிட்டால் உள்ளே தள்ளும் அழுத்தமும் கூடுகிறது.

புரோஸ்டேட்டில் தொற்று என்றால் அங்கே வலிக்க வேண்டாமா? இந்தக் கேள்விக்கு ஸ்வீடனிலிருந்து முக்கியமான விடை வந்தது. கோத்தன்பர்க் நகரைச் சேர்ந்த பீட்டர் உல்லெரிட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், சிறுநீர்த் தொற்றோடு காய்ச்சல் வந்த 70 ஆண்களைப் பரிசோதித்து 1999இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ரத்தத்தில் பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவையும், மலக்குடல் வழி ஸ்கேனில் புரோஸ்டேட்டின் பருமனையும் தொடர்ந்து அளந்தார்கள். பிஎஸ்ஏ புரோஸ்டேட் மட்டுமே பெருமளவில் சுரக்கும் புரதம். சுரப்பி வீங்கிப் புண்ணானால் அது ரத்தத்தில் கசியும். அந்த 70 பேரில் 58 பேருக்கு பிஎஸ்ஏ கூடியிருந்தது. பிஎஸ்ஏ உயர்வு, சுரப்பியின் பருமன் மாற்றம் என்ற இரண்டில் ஒன்றாவது இருந்தவர்களைக் கணக்கிட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வந்தது.

அவர்களில் பெரும்பாலோர் புரோஸ்டேட் வலி என்று எதையும் சொல்லவில்லை. சிலருக்கு முதுகில் வலி இருந்ததால் சிறுநீரகத் தொற்று என்றே வைத்தியம் நடந்தது. ஆசனவாய்க்கும் விதைப்பைக்கும் இடையே வலி, மலம் கழிக்கும்போது குத்தல், சிறுநீர் நூலாக வருவது ஆகிய புத்தக அறிகுறிகள் இருந்தால் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அவை இல்லாதபோதும் சுரப்பி சத்தமின்றி மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதை இந்த ஆய்வு காட்டியது. ஆணுக்கு நீர்க்கடுப்போடு காய்ச்சல் வந்தால், இல்லை என்று தெரியும்வரை புரோஸ்டேட்டும் சேர்ந்திருப்பதாக எடுத்துக்கொண்டு வைத்தியம் செய்ய வேண்டும் என்ற நிலைப்பாட்டுக்கு இது வலுவான அடிப்படை.

அடுத்த சிக்கல் மருந்து. மாத்திரை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாகச் சிறுநீரில் இறங்குகிறது. பல ஆன்டிபயாடிக்குகள் சிறுநீரில் ரத்தத்தைவிடப் பல மடங்கு அடர்த்தியில் சேரும். சிறுநீர்ப்பைக் கிருமிக்கு அதனால்தான் மூன்று நாள் போதுமானதாக இருக்கிறது. புரோஸ்டேட்டுக்குள் நிலைமை தலைகீழ். அங்குள்ள நுண்ணிய ரத்தநாளங்களின் சுவரில் சல்லடைத் துளைகள் கிடையாது. அதைத் தாண்டினால் சுரப்பியின் குழல்களை மூடியிருக்கும் கொழுப்புப் படலம் கொண்ட செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மருந்து கொழுப்பில் கரைவதாக இருக்க வேண்டும், மின்னூட்டம் இல்லாமல் இருக்க வேண்டும், ரத்தப் புரதத்தோடு அதிகம் ஒட்டிக்கொள்ளாததாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடி வந்தால்தான் உள்ளே நுழையும்.

1968இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்டேமியின் குழு இதை நாய்களில் சோதித்துக் காட்டியது. ரத்தத்தில் மருந்தை ஏற்றிவிட்டு, புரோஸ்டேட் சுரக்கும் திரவத்தைச் சேகரித்து எவ்வளவு மருந்து வந்து சேர்ந்திருக்கிறது என்று அளந்தார்கள். அன்றைக்குச் சிறுநீர்த் தொற்றுக்கு வழக்கமாகக் கொடுத்துவந்த பெனிசிலின் வகை மருந்துகள் அந்தத் திரவத்தில் ஏறக்குறையத் தென்படவே இல்லை. ரத்தம் முழுக்க மருந்து ஓடும்; சுரப்பிக்குள் கிருமி நிம்மதியாக இருக்கும்.

சில ஆண்டுகளுக்குள் ட்ரைமெத்தோப்ரிம் என்ற மருந்து இந்தத் தடையைத் தாண்டுவது தெரியவந்தது. இன்று கோட்ரைமாக்சசோல் என்று விற்கப்படும் மாத்திரையில் இருக்கும் இரண்டு மருந்துகளில் ஒன்று அது. பின்னர் வந்த சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் வகை மருந்துகளும் புரோஸ்டேட்டுக்குள் நன்றாகவே போய்ச் சேர்கின்றன. பெண்களின் சாதாரண நீர்க்கடுப்புக்கு முதல் தேர்வாக இருக்கும் நைட்ரோஃபியூரன்டாயின் சிறுநீரில் மட்டுமே சேரும். சதைக்குள் வேலை செய்யும் அளவுக்கு அது ஏறுவதே இல்லை. காய்ச்சலோடு வரும் ஆணுக்கு அதைக் கொடுத்தால் எரிச்சல் குறையும், நோய் அப்படியே இருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. தொற்று கடுமையாக இருக்கும் முதல் சில நாட்களில், வீக்கத்தினால் அந்தத் தடுப்புச் சுவரே இளகிவிடுகிறது. அப்போது ஊசியில் ஏற்றும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளும் உள்ளே நுழைந்து வேலை செய்கின்றன. காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் விடுவது இதனால்தான். வீக்கம் வடிய வடியச் சுவர் மறுபடி இறுகுகிறது. நோயாளி தேறிவருகிறார் என்று தோன்றும் அதே நாட்களில் மருந்து உள்ளே போவது குறைந்துகொண்டே வருகிறது. நுண்குழல்களின் மூலைகளில் மிச்சமிருக்கும் பாக்டீரியாக்கள் படலம் கட்டிக்கொண்டு ஒளிந்திருக்கலாம். வயதானவர்களின் சுரப்பிக்குள் கிடக்கும் சிறு கற்களும் அவற்றுக்கு இடம் கொடுக்கின்றன. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது என்பது ரத்தத்தில் கிருமி அடங்கியதைச் சொல்கிறது. சுரப்பிக்குள் என்ன மிச்சம் என்பதைச் சொல்வதில்லை. ஆகவேதான் சுரப்பிக்குள் போகும் மருந்தாகத் தேர்ந்தெடுத்து அதைக் கூடுதல் நாட்கள் கொடுக்கிறார்கள்.

கூடுதல் என்றால் எத்தனை நாள்? முன்பு நான்கு வாரம், ஆறு வாரம் என்றெல்லாம் எழுதினார்கள். உல்லெரிட் குழுவே இதையும் சோதித்து 2003இல் வெளியிட்டது. சிப்ரோஃப்ளாக்சசினை ஒரு பிரிவினருக்கு இரண்டு வாரமும் இன்னொரு பிரிவினருக்கு நான்கு வாரமும் கொடுத்துப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு வாரமே போதும் என்று ஆனது. அப்படியானால் ஒரு வாரம் போதாதா என்ற கேள்வி தானாகவே எழுந்தது. ஆன்டிபயாடிக்கைத் தேவைக்கு மேல் ஒரு நாள்கூடக் கொடுக்கக் கூடாது என்ற அக்கறை உலகெங்கும் வலுத்துவரும் காலம் என்பதால் கேள்வி நியாயமானது.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2017இல் ஒரு பதில் சொன்னார்கள். காய்ச்சலுடன் கூடிய சிறுநீர்த் தொற்று உள்ள ஆண், பெண் இருபாலருக்கும் 7 நாள் அல்லது 14 நாள் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தார்கள். பெண்களுக்கு 7 நாளே போதுமானதாக இருந்தது. ஆண்களில், மருந்து முடிந்த சில நாட்களில் பார்த்தபோது, 14 நாள் சாப்பிட்டவர்களில் 98 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். 7 நாள் சாப்பிட்டவர்களில் 86 சதவீதம். சில வாரம் கழித்துப் பார்த்தபோது இந்த இடைவெளி சுருங்கியிருந்தது. அதனால் 7 நாள் தரப்புக்கும் சிலர் வாதாடினார்கள்.

2023இல் பிரான்சிலிருந்து வந்த ஆய்வு இதைவிடத் தெளிவாக இருந்தது. 27 மருத்துவமனைகளில், காய்ச்சலுடன் சிறுநீர்த் தொற்று வந்த 240 ஆண்கள் பங்கேற்றார்கள். எல்லோருக்கும் கிருமி ஓஃப்ளாக்சசினுக்குக் கட்டுப்படுவது என்று கல்ச்சரில் உறுதியாகியிருந்தது. ஒரு பாதிப்பேருக்கு 14 நாளும் உண்மையான மாத்திரை. மறு பாதிக்கு 7 நாள் மருந்து, அதன்பின் 7 நாள் அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வைத்தியம் தொடங்கி ஆறாம் வாரத்தில், காய்ச்சல் இல்லை, சிறுநீரில் கிருமி இல்லை, இடையில் வேறு ஆன்டிபயாடிக்கும் தேவைப்படவில்லை என்றால் மட்டுமே வெற்றி என்று கணக்கிட்டார்கள். 14 நாள் பிரிவில் 77.6 சதவீதம் வெற்றி, 7 நாள் பிரிவில் 55.7 சதவீதம். ஒரே மருந்து, ஒரே அளவு. ஒரு வாரம் குறைத்ததற்கு நூற்றில் இருபதுக்கு மேற்பட்டோர் விலை கொடுத்தார்கள்.

இந்தக் கணக்கு காய்ச்சல் வந்த ஆண்களுக்குத்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. எரிச்சல் மட்டும் இருந்து, காய்ச்சல் இல்லாத ஆண்களுக்கு 7 நாளே போதும் என்று அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. 7 நாள் பிரிவில் 93 சதவீதம் பேருக்கும் 14 நாள் பிரிவில் 90 சதவீதம் பேருக்கும் அறிகுறிகள் தீர்ந்தன. நாட்களைக் கூட்டுவதும் குறைப்பதும் தெர்மாமீட்டரில் தெரிவதைப் பொறுத்தது.

இதெல்லாம் ஒரு நோயாளியிடம் எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். கீழே வருபவர் தனி ஒருவர் அல்லர். சிறுநீரக, பொது மருத்துவர்களிடம் அடிக்கடி வருபவர்களின் சாயலில் எழுதப்பட்ட மாதிரி.

வயது 56. லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர். எட்டு வருடமாகச் சர்க்கரை; கிளிமிபிரைடு கலந்த மாத்திரை சாப்பிடுகிறார். ரத்த அழுத்தத்துக்கு லொசார்டன். சித்திரை வெயிலில் எரிச்சலோடு சிறுநீர் போனபோது உடம்புச் சூடு என்று நினைத்தார். இளநீர், நீர்மோர், தொப்புளில் விளக்கெண்ணெய். இரண்டாம் நாள் மாலை பல் தந்தியடிக்கும் குளிர்நடுக்கம். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மூன்று நாளுக்கு செஃபிக்சிமும் பாராசிட்டமாலும் வாங்கினார். காய்ச்சல் இறங்கியது, நிறுத்திவிட்டார். பன்னிரண்டு நாள் கழித்து 103 டிகிரி. இரவில் ஆறேழு முறை எழுந்து போக வேண்டியிருந்தது, ஒவ்வொரு முறையும் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. இப்போதுதான் டாக்டரிடம் வந்தார்.

"வெயில் சூடுதானே டாக்டர்? போன தடவ இளநீ குடிச்சே பாதி சரியாச்சு."

"சூட்டுக்கு யூரின் மஞ்சளாப் போகும், கடுக்கும். தண்ணி குடிச்சா அடங்கிடும். குளிர்நடுக்கம் வராதுங்கய்யா. அது கிருமிக்குத்தான் வரும்."

டாக்டர் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார், முதுகில் விலா ஓரம் தட்டிப் பார்த்தார். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு மலக்குடல் வழியாக விரல் வைத்துப் பார்த்தார். நம் ஊரில் நோயாளிகள் கூச்சப்பட்டும், டாக்டர்கள் அவசரப்பட்டும் இந்தப் பரிசோதனை பல இடங்களில் விட்டுப்போகிறது. சில விநாடிதான் ஆகும். புரோஸ்டேட் வீங்கி, சூடாக, தொட்டாலே வலிப்பதாக இருந்தது. மெல்லத் தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்த வேண்டும். அழுத்திப் பிசைந்தால் கிருமி மொத்தமாக ரத்தத்தில் இறங்கிவிடும்.

மருந்து எதுவும் கொடுக்கும் முன்பே யூரின் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். ரத்தக் கல்ச்சரும் எடுத்தார்கள். சர்க்கரை 286. அல்ட்ராசவுண்டில் சீழ்க்கட்டி இல்லை. சிறுநீர் கழித்த பிறகும் பையில் 70 மில்லி தேங்கியிருந்தது. காய்ச்சலும் சர்க்கரையும் அதிகம் என்பதால் மருத்துவமனையில் சேர்த்து ரத்தநாளம் வழியாக ஆன்டிபயாடிக் தொடங்கினார்கள்.

மூன்றாம் நாள் கல்ச்சர் முடிவு வந்தது. ஈ.கோலை. செஃபிக்சிமுக்குக் கட்டுப்படாது, சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் கட்டுப்படாது, கோட்ரைமாக்சசோலுக்குக் கட்டுப்படும். ஐரோப்பிய ஆய்வுகளை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாத இடம் இதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் ஆண்டுதோறும் வெளியிடும் கண்காணிப்பு அறிக்கைகளில், மருத்துவமனை மாதிரிகளில் கிடைக்கும் ஈ.கோலையில் பெரும்பகுதி சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கட்டுப்படாததாகவே இருந்துவருகிறது. சுரப்பிக்குள் நன்றாகப் போகும் மருந்தாக இருந்தாலும், கிருமியைக் கொல்லாத மருந்தை 14 நாள் அல்ல, 40 நாள் சாப்பிட்டாலும் பயனில்லை. கல்ச்சர் இல்லாமல் எழுதப்படும் நீண்ட கோர்ஸ் குருட்டு வைத்தியம்தான். சில கிருமிகள் இரண்டு வகை மாத்திரைக்குமே மசியாது. அப்போது தினம் ஒரு முறை போடும் ஊசியை வெளிநோயாளியாக வந்து போட்டுக்கொள்ள ஏற்பாடு செய்கிறார்கள்.

நம் நோயாளிக்குக் காய்ச்சல் விட்டு, உணவு இறங்கியதும் கோட்ரைமாக்சசோல் 160/800 மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. நாள் கணக்கு அவருடைய கிருமியைக் கொல்லும் மருந்து உள்ளே போன முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. கடையில் வாங்கி விழுங்கிய மூன்று நாள் இந்தக் கணக்கில் வராது.

இரண்டு வாரம் ஒரு மருந்தைச் சாப்பிடும்போது அது மற்ற மருந்துகளோடு எப்படி நடந்துகொள்கிறது என்பதும் பார்க்க வேண்டியதாகிறது. கோட்ரைமாக்சசோல் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும். லொசார்டனும் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் இதயத் துடிப்பைப் பாதிக்கும் அளவுக்கு ஏறலாம் என்பதால் நான்கைந்து நாளில் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார்கள். பொட்டாசியம் நிறைந்த பானம் இளநீர். நீர்க்கடுப்புக்கு நல்லது என்று தினம் இரண்டு மூன்று இளநீர் குடிக்கும் வழக்கத்தை இந்த இரண்டு வாரம் தள்ளிவைக்கச் சொன்னார்கள், தண்ணீர் போதும். கிளிமிபிரைடோடு சேரும்போது சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும் வாய்ப்பும் உண்டு. வியர்த்துக் கை நடுங்கினால் உடனே சர்க்கரை பார்க்க வேண்டும். உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சிப்ரோஃப்ளாக்சசின் வகை கிடைத்தவர்களுக்கு எச்சரிக்கைகள் வேறு. பாலோடும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளோடும், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்தோடும் சேர்த்து விழுங்கினால் மருந்து அவற்றோடு பிணைந்து உடம்பில் ஏறாமல் போய்விடும். இரண்டு மணி நேரம் முன்னதாகச் சாப்பிட வேண்டும். குதிகால் நரம்பில், அதாவது பின்னங்காலைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாரில் வலி வந்தால் தொடரக் கூடாது. அது கிழிந்துபோகவும் கூடும். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த வகையும் சர்க்கரையை ஏற்றி இறக்கும்.

சரியான மருந்து தொடங்கி 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கத் தொடங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் மூன்று காரணங்களைத் தேடுகிறார்கள். கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததாக இருக்கலாம். சிறுநீர் அடைத்துக்கொண்டு பையில் தேங்கியிருக்கலாம். அப்போது அதை வடித்துவிட வேண்டும். அல்லது சுரப்பிக்குள் சீழ்க்கட்டி உருவாகியிருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சீழ்க்கட்டி வரும் வாய்ப்பு கூடுதல். சாதாரண அல்ட்ராசவுண்டில் அது தெரியாமல் போகலாம் என்பதால் மலக்குடல் வழி ஸ்கேன், சிடி அல்லது எம்ஆர்ஐ எடுக்கிறார்கள். பெரிய கட்டியாக இருந்தால் சீழை வெளியேற்றாமல் மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை.

அந்தச் சீழையும் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். தமிழகத்தில் அதற்குத் தனிக் காரணம் உண்டு. மழைக்காலத்து ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா என்ற பாக்டீரியா மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தருகிறது. புரோஸ்டேட்டில் சீழ்க்கட்டி உண்டாக்குவது இதன் பழக்கங்களில் ஒன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இந்நோயைப் பல ஆண்டுகளாகக் கண்டறிந்து எழுதிவருகிறார்கள். சர்க்கரை உள்ள விவசாயிக்கு, மழைக்காலத்தில், புரோஸ்டேட் சீழ்க்கட்டி என்றால் டாக்டர் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு வைத்தியம் இரண்டு வாரமல்ல. ஊசிக்குப் பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. காசநோயும் இதே இடத்தில் உட்காரும் என்பதால் அதற்கும் சேர்த்தே சோதிக்கிறார்கள்.

பதினான்கு நாள் முடிவதும் எல்லோருக்கும் கதை முடிவதும் ஒன்றல்ல. பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல் அமைப்பான நைஸ், கடும் புரோஸ்டேட் தொற்றுக்கு 14 நாள் மருந்து கொடுத்துவிட்டு நோயாளியை மறுபடி பார்க்கச் சொல்கிறது. தேறிவிட்டால் நிறுத்தலாம், தேவைப்பட்டால் இன்னும் 14 நாள் தொடரலாம். நம் 56 வயதுக்காரருக்குப் பதினான்காம் நாள் காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, இரவில் ஒரு முறைதான் எழுகிறார். தொட்டுப் பார்த்ததில் சுரப்பியில் வலியும் இல்லை. மாத்திரை நிறுத்தப்பட்டது.

அவரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லி அனுப்பினார்கள். ஒன்று, அலுவலகத்தில் யாராவது மொத்த உடல் பரிசோதனைப் பேக்கேஜ் என்று கூப்பிட்டால் இப்போதைக்கு அதில் பிஎஸ்ஏ வேண்டாம். தொற்றினால் அது பல மடங்கு ஏறியிருக்கும், புற்றுநோயோ என்ற பயம் வரும், தேவையில்லாத சதைப் பரிசோதனை வரைக்கும் போகும். குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும். கோத்தன்பர்க் ஆய்வில் சிலருக்கு அது முழுதாக இறங்க மாதங்கள் ஆயின.

இரண்டாவது, ஆறாம் வாரத்தில் ஒரு முறை வந்து காட்ட வேண்டும். அன்றைக்குச் சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு தேங்குகிறது, மூன்று மாதச் சர்க்கரை எவ்வளவு, இரவில் எத்தனை முறை எழுகிறார் என்று பார்ப்பார்கள். அதற்குள் எரிச்சலோ காய்ச்சலோ திரும்பினால், மருந்துக் கடைக்குப் போகாமல் மறுபடி யூரின் கல்ச்சர் கொடுக்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டையும் கூடவே எடுத்து வர வேண்டும். இரண்டு ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது வேறு கிருமி என்றால் அது பெரும்பாலும் புதிய தொற்று. அதே கிருமி, அதே மருந்துகளுக்குக் கட்டுப்படும் தன்மையோடு திரும்பியிருந்தால், அது சுரப்பிக்குள்ளிருந்துதான் வந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். நாள்பட்ட புரோஸ்டேட் தொற்றாக எடுத்துக்கொண்டு அப்போது நான்கு முதல் ஆறு வாரம் வரை மருந்து எழுதுவார்கள்.